டீச்சர் அங்கே இல்லை

அன்று மாலை நான்கு மணிக்குத் தலைமையாசிரியையின் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால், தலைமையாசிரியை வழக்கமாக உட்காரும் சுழல் நாற்காலியில் பள்ளி நிர்வாகி. நாற்காலி பறிபோனதால் மேசையின் பக்கவாட்டில், வருகிறவர்களுக்குப் போடும் பிளாஸ்டிக் நாற்காலியில் தலைமையாசிரியை. எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே பையனின் அப்பா. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்கான அவர், நகக்கண்ணில் கறுப்பு மை போல எண்ணெய் ஏறிய கைகளை மடியில் கட்டி வைத்திருந்தார். அலமாரியில் சாய்ந்தபடி விளையாட்டு ஆசிரியர். அவருக்கும் நாற்காலி இருந்தது, ஆனால் உட்காரவில்லை. கதவை ஒட்டிய ஸ்டூலின் விளிம்பில், கூப்பிட்டால் எழுந்து ஓட வசதியாக, மூன்றாம் வகுப்பு டீச்சர். இவர்கள் எல்லோரையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிற மூலையில், மடியில் அட்டையும் தாளும் வைத்துக்கொண்டு பள்ளியின் எழுத்தர்.

எழுத்தருக்குப் பள்ளியில் 'முற்றுப்புள்ளி' என்று பெயர். யார் எவ்வளவு நேரம் பேசினாலும் கடைசியில் "சரி, எழுதிட்டேன்" என்று அவர் சொன்னால் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அன்றைக்கு அவர் இன்னும் அதைச் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். காலை இடைவேளையில், விளையாட்டுத் திடலில் கைமாற்றிக் கைமாற்றித் தொங்கிக்கொண்டு போகும் இரும்புக் கம்பியிலிருந்து மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மணலில் விழுந்தான். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு இப்போது அம்மாவோடு வீட்டில் இருக்கிறான்.

"யார் தள்ளுனா?" என்றார் அப்பா. நாலாவது தடவை.

"யாரும் தள்ளலங்க," என்றார் நிர்வாகி. "பிள்ளைங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க."

"பிள்ளைங்க என்ன வேணா எழுதும். அப்ப பாத்துக்கிட்டிருந்த பெரியவங்க யாரு?"

அறையில் இருந்த எல்லோருடைய கண்ணும் ஒருமிக்கக் கதவோர ஸ்டூலுக்குப் போயிற்று. டீச்சர் கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நான்தான்," என்றாள். "ஆனா அவன் விழறத நான் பாக்கல. சத்தம் கேட்டுத்தான் ஓடினேன்."

"பாக்கத்தானம்மா உங்கள நிக்க வச்சிருக்கு?"

அலமாரியில் சாய்ந்திருந்த விளையாட்டு ஆசிரியர் தம் செருப்பு நுனியில் ஏதோ அதிசயத்தைக் கண்டவர்போலக் குனிந்துகொண்டார். முற்றுப்புள்ளி அதையும் கவனித்தார்.

நிர்வாகி குரலைத் தேனாக்கிக்கொண்டு, மறுநாள் மூன்று மணிக்குள் முழு அறிக்கை அப்பாவின் கைக்கு வரும், கல்வி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகும் என்றார். அப்பா எழுந்தார். வாசலில் நின்று திரும்பி, "எனக்கு ரிப்பேர் வேலை சார். பெயின்ட் அடிச்சுக் குடுத்தா உள்ள துரு இருக்குன்னு தெரிஞ்சிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சரையும் அனுப்பிய பிறகு நிர்வாகி எழுத்தரைப் பார்த்தார்.

"பெருசா எதுவும் வேணாம். பணியில் இருந்த ஆசிரியையின் கவனக்குறைவு, நிர்வாகம் நடவடிக்கை எடுத்துள்ளது. அந்த ஒரு வரி போதும், அந்த ஆளும் அடங்கிடுவான், ஆபீசும் கேக்காது. அந்தப் பொண்ணு இன்னும் தற்காலிகம்தானே? இந்த மாசத்தோட அனுப்பிச்சுடலாம்."

தலைமையாசிரியை ஒன்றும் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஐந்து துண்டுத்தாள்களை எடுத்து எழுத்தரிடம் நீட்டினார். பிள்ளைகள் எழுதிக் கொடுத்தவை.

உண்மையைச் சொன்னால், முற்றுப்புள்ளிக்கு அந்த டீச்சர்மேல் நல்லெண்ணம் கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன் 'அத்தைக்கு உடம்பு சரியில்லை' என்று விடுப்பு எழுதிவிட்டு, அன்று மாலையே துணிக்கடையில் கண்ணாடி முன்னால் நின்றவளை அவர் தம் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவள் 'வணக்கம் சார்' என்றால்கூட, இது எதற்கு என்று அவருக்கு மூக்கு வியர்க்கும். ஆகவே அந்த ஒரு வரியை எழுதுவது அவருக்குக் கசக்கவில்லை. ஆனால் அறிக்கை எழுதுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால், அதை யார் கண்ணால் பார்த்தது என்று குறித்துக்கொள்வார். குறிக்க முடியாத வரி அறிக்கையில் ஏறாது.

வீட்டுக்குப் போகாமல் அலுவலக அறையில் உட்கார்ந்து துண்டுத்தாள்களைப் பிரித்தார்.

முதல் தாள்: 'அவன் தானாகவே கை நழுவிக் கீழே விழுந்தான். யாரும் தள்ளவில்லை. டீச்சர் அங்கே இல்லை.'

இரண்டாவது தாள்: 'அவன் தானாகவே கை நழுவிக் கீழே விழுந்தான். யாரும் தள்ளவில்லை. டீச்சர் அங்கே இல்லை.'

மூன்றாவதும் அதுவே. நான்காவதும், ஐந்தாவதும்.

எட்டு வயதுப் பிள்ளை 'தானாகவே' என்று எழுதுமா? கீழே விழுந்தவனைப் பற்றிப் பேசுகிற பிள்ளை, 'பொத்துன்னு விழுந்தான்', 'அழுதான்', 'கை வளைஞ்சிடுச்சு' என்றல்லவா எழுதும்? ஒரு தாளிலும் அழுகை இல்லை, மணல் இல்லை, கை இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுத்தவருக்கு டீச்சர் அங்கே இல்லாமல் இருந்தாக வேண்டும்.

யாருக்கு? முற்றுப்புள்ளியின் மனம் நேரே அலமாரிக்குப் போயிற்று. இடைவேளைப் பொறுப்பு எப்போதும் இரண்டு பேருக்கு. இன்றைக்கு அந்த இரண்டாவது ஆள் விளையாட்டு ஆசிரியர். அப்படியானால் அவர் எங்கே இருந்தார்?

மறுநாள் காலை முதல் வேலையாகத் திடலுக்குப் போனார். விளையாட்டு ஆசிரியர் தொங்கும் கம்பியைச் சுற்றிக் கயிறு கட்டி, 'பயன்படுத்தக் கூடாது' என்று அட்டை தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். முற்றுப்புள்ளி கம்பி ஒவ்வொன்றையும் பிடித்து முறுக்கிப் பார்த்தார். ஒன்றும் சுழலவில்லை, ஆடவில்லை. உயரத்தை நாடாவால் அளந்தார். மணலைக் குச்சியால் குத்தி ஆழம் பார்த்தார். படம் எடுத்தார். பிறகு, நாடாவைச் சுருட்டிக்கொண்டே, போகிற போக்கில் கேட்பதுபோல், "நேத்து இடைவேளையில நீங்க எங்க சார் இருந்தீங்க?" என்றார்.

"இங்கதான்... வந்தேன். அப்புறம் போனேன்."

"வந்துட்டுப் போனீங்களா, போயிட்டு வந்தீங்களா?"

"என்ன சார், போலீஸ் மாதிரி கேக்கிறீங்க?" அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. கயிற்றின் முடிச்சை இறுக்கிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பெரிய மிஸ் கூப்பிட்டாங்க. கூட்டத்துக்கு மைக் வேலை செய்யல, வந்து பாருங்கன்னு ஆள் விட்டாங்க. மணி அடிச்சு ரெண்டே நிமிஷத்துல போயிட்டேன். நான் சொன்னேன்னு எழுதாதீங்க சார். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

முற்றுப்புள்ளிக்கு இப்போது வேறு பக்கம் மூக்கு வியர்த்தது. ஆளை அனுப்பியது தலைமையாசிரியை. துண்டுத்தாள் வாங்கியதும் தலைமையாசிரியை. நேற்று நிர்வாகி அந்த வரியைச் சொன்னபோது வாயைத் திறக்காமல் இருந்ததும் அவரே.

அடுத்து டீச்சரைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்ற விதத்திலேயே, இரவு தூங்கவில்லை என்று தெரிந்தது.

"நீங்க எங்க நின்னீங்க?"

"குழாய்கிட்ட. ஒண்ணாம் வகுப்புக் குட்டிக்கு மூக்குல ரத்தம் வந்துச்சு. மூக்கைப் புடிச்சுக் குனிய வச்சிருந்தேன்."

"இதை ஏன் நேத்து சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா சார்?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "துணிக்கடையில என்னைப் பாத்தீங்களே, அன்னிலேருந்து நீங்க என் முகத்தைப் பாத்துப் பேசினதே இல்ல. அது அத்தைக்கு நைட்டி வாங்கப் போனது. ஆஸ்பத்திரியில கேட்டாங்க."

முற்றுப்புள்ளி பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். அந்த நைட்டிக்கு எதிரே யார் பார்த்தது என்று குறிக்க வழியில்லை. ஒண்ணாம் வகுப்புக்குப் போய் விசாரித்தார். சட்டைக் காலரில் ரத்தத்தோடு குட்டி வகுப்புக்கு வந்ததை அந்த வகுப்பு டீச்சரே பார்த்திருந்தார். பிறகு குழாயடியில் போய்க் குனிந்து நின்று பார்த்தார். கம்பியின் மேல்பகுதி தெரிந்தது. கீழே மணல் தெரியவில்லை; நடுவில் செடிவேலி. அதையும் எழுதிக்கொண்டார். அவளுக்குச் சாதகமா பாதகமா என்று யோசிக்கவில்லை.

மிச்சம் இருந்தது பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையாக, தனியாக, நூலக அறையில். நூலகர் அம்மா துணைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முற்றுப்புள்ளி குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "நேத்து இடைவேளையில என்ன நடந்துச்சு? நீ பாத்ததை மட்டும் சொல்லு."

முதலில் வந்த சிறுமி கையைப் பின்னால் கட்டி, தலையை நிமிர்த்தி, மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அவன் தானாகவே கை நழுவிக் கீழே விழுந்தான்!" ஒரு மூச்சு. "யாரும் தள்ளவில்லை!" இன்னொரு மூச்சு. "டீச்சர் அங்கே இல்லை!"

நூலகர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். செய்யுள் ஒப்பிக்கிற அதே ராகம்.

முற்றுப்புள்ளி தாளில் எதையும் குறிக்காமல் பென்சிலைக் கீழே வைத்தார். அது சிறுமிக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. "தப்பா சொல்லிட்டேனா சார்? மறுபடி சொல்லட்டா? நேத்து நான் நல்லா சொன்னேன்னு பெரிய மிஸ் சொன்னாங்க."

"நல்லாத்தான் சொன்னே. அவன் விழுந்தப்ப நீ எங்க இருந்தே?"

"நான் பாத்ரூம்ல இருந்தேன்."

"பாத்ரூம்லயா?"

"ஆமா. வந்து பாத்தா எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க. நானும் அழுதேன்."

ஐந்து பேரில் இரண்டு பேர் அந்த நேரம் திடலிலேயே இல்லை. ஒருவன் வேலி ஓரம் ஓணான் பார்த்துக்கொண்டிருந்தான். ஓணானைப் பற்றி விரிவாகச் சொன்னான். ஒருத்தி சத்தம் கேட்டுத் திரும்பினாள். கம்பிக்குப் பக்கத்தில், தன் முறைக்காக நின்றவன் ஒருவன்தான். அவன் மட்டும் ஒப்பிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கை வழுக்கின மாதிரி இருந்துச்சு சார், நான் சரியாப் பாக்கல, செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தேன். டீச்சர் எங்கன்னு பாத்தேன், பக்கத்துல இல்ல. அப்புறம் ஓடி வந்தாங்க," என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம் ஐந்து தாளிலும் விட்டுப்போயிருந்தது.

பன்னிரண்டரைக்கு முற்றுப்புள்ளி வரைவை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். இன்றைக்குச் சுழல் நாற்காலியில் அவரே இருந்தார். முற்றுப்புள்ளி உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து, வரிவரியாக வாசித்தார்.

"இடைவேளை மணி 10.40. விளையாட்டு ஆசிரியர் 10.42 அளவில் தலைமையாசிரியை அறைக்கு அழைக்கப்பட்டார். அதன்பின் திடலில் ஐம்பத்தெட்டு மாணவர்களுக்கு ஓர் ஆசிரியை பொறுப்பில் இருந்தார்."

தலைமையாசிரியையின் கை மேசையில் பேப்பர் வெயிட்டைப் பிடித்துக்கொண்டது. "இதை எழுதச் சொன்னது யாரு? உங்களை யாரோ தூண்டி விட்டிருக்காங்க."

"யாரும் இல்ல மேடம். மீதியையும் கேளுங்க. மாணவர் விழுந்த நேரம் சுமார் 10.48, அந்த நேரத்தில் எவரும் கடிகாரம் பார்க்கவில்லை. ஆசிரியை ஒரு நிமிடத்துக்குள் வந்தார். மாணவர் சுயநினைவோடு இருந்தார், தலையில் அடி இல்லை. கையை அசைக்காமல் அட்டை வைத்துத் துணியால் கட்டினார். 10.55-க்குத் தாயாரின் எண்ணுக்கு அழைப்பு, எடுக்கவில்லை. 10.58-க்குத் தந்தையின் எண், பேசினார். 11.10-க்குப் பள்ளி வேனில் ஆசிரியையோடு மருத்துவமனை..."

"சரி, சரி. பிள்ளைங்க எழுதினது எங்க?"

"அதுக்குத்தான் வந்தேன்." அவர் தாளை மேசையில் வைத்தார். "ஐந்து மாணவர்கள் ஒரே வாசகத்தை எழுதித் தந்தனர். தனித்தனியே கேட்டபோது, நேரில் பார்த்ததாக எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. இதுவரைக்கும் எழுதிட்டேன். அந்த வாசகம் எப்படி வந்ததுங்கிற வரிய மட்டும் காலியா விட்டிருக்கேன். அது உங்களுக்குத்தான் தெரியும்."

தலைமையாசிரியைக்கு முகம் சுருக்கென்று சிவந்தது. "நான் சொல்லிக் கொடுத்தேன்னு சொல்றீங்களா? அந்தப் பொண்ணு மேல பழி போட நான் பிள்ளைங்கள..."

"நான் ஒண்ணும் சொல்லல. ஒரு குழந்தை பாத்ரூம்ல இருந்திருக்கு மேடம். அதுவும் ராகம் போட்டு ஒப்பிக்குது. நல்லா சொன்னேன்னு நீங்க பாராட்டினீங்களாம்."

'ராகம்' என்றதும் தலைமையாசிரியை பேச்சை நிறுத்தினார். வராந்தாவில் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு தடவை, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை. அவர் கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. கிளாஸ் முழுக்க அழுதுக்கிட்டு இருந்துச்சு," என்றார் பிறகு, வேறு குரலில். "என்ன ஆச்சுன்னு கேட்டேன். ஒருத்தன் ஏதோ முனகினான். நான் அதை நல்ல வாக்கியமாத் திருத்தி, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கன்னேன். சொல்லச் சொல்ல அழுகை நின்னுச்சு. அழுகை நின்னுடுச்சேன்னு, முன்வரிசையில இருந்த அஞ்சு பேரை எழுதுங்கன்னும் சொல்லிட்டேன். முப்பது வருஷமா இதைத்தானே செய்யறேன்? வாய் தானா அப்படித்தான் போகுது."

"டீச்சர் அப்புறம் ஓடி வந்தாங்கன்னு, கம்பிகிட்ட நின்ன பையன் சொல்றான் மேடம்," என்றார் முற்றுப்புள்ளி. காலையில் இவர்மேல் வைத்திருந்த சந்தேகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஓடி வந்தாங்கன்னும் அவன் சொன்னானா?" தலைமையாசிரியை நிமிர்ந்தார்.

"சொன்னான்."

"நேத்து நான் அதைக் காதுல வாங்கியிருக்க மாட்டேன்," என்றார் தலைமையாசிரியை. "எழுதுங்க. தலைமையாசிரியை மாணவர்களை ஒன்றாகச் சொல்ல வைத்தார், எனவே அந்தத் தாள்களைச் சாட்சியமாகக் கொள்ள இயலாது. என் பேர்லயே எழுதுங்க."

அப்போது தலைமையாசிரியையின் கைபேசி அடித்தது. நிர்வாகி. எதிர்முனைக் குரல் மேசைவரை கேட்டது: "அந்த வரி போட்டாச்சா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"அதை யாரும் பாக்கல. ரெண்டு பேர் பாக்க வேண்டிய வேலைய ஒருத்தி தனியாப் பாத்திருக்கா, இன்னொருத்தரைக் கூப்பிட்டது நான். அதைப் போட்டிருக்கு. கையெழுத்து என்னோடது. ஆபீசுக்கு இது போனப்புறம் அந்தப் பொண்ண மட்டும் மாசக்கடைசியில அனுப்பினா, ஏன்னு உங்களத்தான் கேப்பாங்க." பதிலுக்குக் காத்திராமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "எனக்கு என்ன வருமோ தெரியல. நீங்க டைப் அடிங்க."

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். அலுவலக அறையில் நின்றபடியே வாசித்தார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. ஒரு பக்கம் முடித்து மறுபடி முதல் வரிக்குப் போனார். கதவுக்கு வெளியே மூன்றாம் வகுப்பு டீச்சர், யாருக்கோ காத்திருப்பவள்போல நின்றிருந்தாள்.

"எல்லாம் போட்டிருக்கீங்க. எதை மறைச்சீங்க?"

"மத்தப் பிள்ளைங்க பேரு இல்ல. அது போடக் கூடாது. வேற எதுவும் மறைக்கல."

"எப்படி விழுந்தான்னு இல்லையே?"

"கடைசிப் பத்தியில பாருங்க."

அப்பா விரலை வைத்து வாசித்தார். "'மாணவர் விழுந்த கணத்தை நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. விழுந்த காரணம் தெரியவில்லை.'" நிமிர்ந்தார். "தெரியலன்னே எழுதிட்டீங்களா?"

"தெரியலையே. வேற எப்படி எழுதறது?"

அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எண்ணெய் ஏறிய விரலால் பிடரியைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்களுக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "நேத்து ராத்திரி அவங்கம்மாகிட்ட சொல்லிட்டான். ஒரு கையில தொங்கிக் காட்டறேன்னு, பக்கத்துல நின்னவன்கிட்ட சவால் விட்டானாம். வலது கைய எடுத்தானாம், இடது கை தாங்கல. நான்தான் வெளிய சொல்லாதடான்னேன். சொன்னா, உன் பிள்ளை சேட்டைன்னு ஒத்த வரியில முடிச்சிடுவீங்கன்னு பயந்துட்டேன் சார்."

முற்றுப்புள்ளி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். "அப்படி முடிக்க மாட்டேன். நீங்க சொன்னதை நீங்க சொன்னதாவே சேக்கலாமா? நீங்க கையெழுத்துப் போடணும்."

"சேட்டைங்கிற வார்த்தை வரக் கூடாது."

"வராது."

எழுதினார். 'மாணவர் தம் தாயாரிடம் கூறியதாகத் தந்தை தெரிவித்தது' என்று தலைப்பிட்டு, ஒரு கையில் தொங்க முயன்றதையும் பிடி நழுவியதையும் மூன்று வரியில் முடித்தார். காரணம் தெரியவில்லை என்ற வரியின் ஓரத்தில் 'பின்னிணைப்பு காண்க' என்று சேர்த்தார். அப்பா எழுத்துக் கூட்டிப் படித்துக் கையெழுத்திட்டார். வெளியே போகும்போது டீச்சர்முன் நின்று, "கட்டு நல்லாப் போட்டிருந்தீங்கன்னு டாக்டர் சொன்னாரும்மா," என்றார். நின்று பதில் வாங்கிக்கொள்ளவில்லை.

டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அதுல நான் எங்க சார் இருக்கேன்?"

"குழாய்கிட்ட," என்றார் முற்றுப்புள்ளி, அவள் முகத்தைப் பார்த்து. "அங்கேருந்து மணல் தெரியாதுன்னும் இருக்கு. ஓடி வந்தீங்கன்னும் இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

"அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நடக்கறாங்க சார்."

தலைமையாசிரியை வந்து பின்னிணைப்பிலும் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையைத் தாமே எடுத்துக் குத்தினார். முற்றுப்புள்ளி தாள்களை ஓரம் தட்டிச் சீராக்கி, மடித்து, பழுப்பு உறையில் போட்டார். கல்வி அலுவலக முகவரியை ஒருமுறை விரலால் தொட்டுப் படித்தார். பசை தடவி, மடிப்பின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, ஓரத்தில் பசை கசிந்ததைத் துடைத்தார்.

"சரி, எழுதிட்டேன்," என்றார்.

பதிவுத் தபாலுக்காக வெளியே சைக்கிளோடு நின்ற பியூன், உறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மிதித்துப் போனார்.